பதினைந்தாயிரம் மோதலில் ஒன்று

மாலை ஆறரை மணி. மேற்குத் தாம்பரம் பேருந்து நிலையத்திலிருந்து ஒரு பேருந்து ஜி.எஸ்.டி. சாலையில் ஏறுகிறது. அதன் புகைக்குழாயிலிருந்து வெளிவரும் பல வாயுக்களில் நைட்ரிக் ஆக்சைடும் ஒன்று. ஒரு நைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த மிகச் சிறிய மூலக்கூறு அது. வெளியே காற்றில், பகல் வெயிலில் உருவான ஓசோன் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. ஓசோன் மூன்று ஆக்சிஜன் அணுக்களால் ஆனது. இரண்டும் சந்தித்தால் ஓர் ஆக்சிஜன் அணு கைமாறுகிறது:

NO + O₃ → NO₂ + O₂

நைட்ரிக் ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடாகிறது; ஓசோன் சாதாரண ஆக்சிஜனாகிறது. வேதியியலில் இதைவிட எளிய வினைகள் அதிகம் இல்லை. ஆனால் இந்த ஒரு வரிக்குள் எத்தனை தோல்விகள் ஒளிந்திருக்கின்றன என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது.

புகைக்குழாயைவிட்டு வெளியே வந்து ஆறிய ஒரு நைட்ரிக் ஆக்சைடு மூலக்கூறை மட்டும் பின்தொடர்வோம். அது நொடிக்குச் சராசரியாக 460 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கும் மேலாகப் பாய்கிறது. ஆனால் எங்கும் போய்ச் சேர முடிவதில்லை. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் எதன்மீதாவது இடித்துக்கொள்கிறது. இப்படி ஒரு நொடிக்குள் சுமார் 700 கோடி இடிகள். ஏறக்குறைய எல்லாமே காற்றிலுள்ள நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளோடுதான். அவற்றால் வினை எதுவும் நடப்பதில்லை.

காற்றில் ஓசோன் 40 பிபிபி இருப்பதாக வைத்துக்கொள்வோம். பிபிபி என்றால் நூறு கோடியில் ஒரு பங்கு. கனமீட்டருக்குச் சுமார் 80 மைக்ரோகிராம். எட்டு மணி நேரச் சராசரிக்கு இந்தியாவில் வகுத்திருக்கும் வரம்பான 100 மைக்ரோகிராமுக்குள் அடங்கும் அளவுதான். அப்படியானால் இரண்டரைக் கோடி மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் ஓசோன். 700 கோடியை இரண்டரைக் கோடியால் வகுத்தால், நம் மூலக்கூறு ஓசோனோடு மோதுவது நொடிக்குச் சுமார் 300 தடவை.

மோதிய உடனே வினை நடந்துவிடும் என்றால், நைட்ரிக் ஆக்சைடின் ஆயுள் ஒரு நொடியின் முந்நூறில் ஒரு பங்கோடு முடிந்துபோகும். கண் இமைப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆய்வகத்தில் அளந்த வேகத்தை வைத்துப் பார்த்தாலோ சராசரி ஆயுள் சுமார் 50 நொடி. நொடிக்கு 300 வீதம் 50 நொடிக்கு 15,000 மோதல்கள். அதில் ஒன்றுதான் பலிக்கிறது. மீதி 14,999 மோதல்களில் இரண்டும் முட்டி, விலகி, வந்தபடியே திரும்பிப்போகின்றன.

இந்தக் கணக்கைப் போடும் வழியைத் தனித்தனியாகக் கண்டவர்கள் இருவர். 1916-இல் ஜெர்மனியில் மாக்ஸ் டிரவுட்ஸ். 1918-இல் இங்கிலாந்தின் லிவர்பூலில் வில்லியம் லூயிஸ். முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. மூலக்கூறுகளை உருண்டைகளாகப் பாவித்து, நொடிக்கு எத்தனை தடவை மோதும் என்று கணக்கிட்டு, அவற்றில் போதிய ஆற்றலோடு மோதுபவை எத்தனை என்று கழித்து எடுத்தால் வினையின் வேகம் கிடைக்கும் என்றார்கள். மோதல் கொள்கை என்பது இதுதான். ஹைட்ரஜன் அயோடைடு சிதையும் வினைக்கு லூயிஸ் போட்ட கணக்கு, அளந்த மதிப்போடு அச்சாகப் பொருந்தியது. அந்த வினையை அவர் எடுத்தது அவருக்கு வாய்த்த நல்வாய்ப்பு என்றே சொல்லவேண்டும். வேறு வினையை எடுத்திருந்தால் கணக்கு பல மடங்கு தப்பியிருக்கும்.

நம் வினைக்கு முதல் தடை ஆற்றல். ஓசோனிலிருந்து ஓர் ஆக்சிஜனைப் பிரித்தெடுக்க அங்குள்ள பழைய பிணைப்பு இளக வேண்டும். அதற்குத் தேவைப்படும் குறைந்தபட்ச ஆற்றலைக் கிளர்வு ஆற்றல் என்கிறோம். இங்கே மொத்த வேகம் கணக்கில் வராது. ஒன்றையொன்று உரசிக்கொண்டு போகும் இரண்டு மூலக்கூறுகள் எவ்வளவு வேகமாகப் போனாலும் பயனில்லை. இரண்டின் மையங்களையும் இணைக்கும் கோட்டில், நேருக்கு நேராக, எவ்வளவு ஆற்றல் இறங்குகிறது என்பதுதான் கணக்கு. சராசரி மோதலில் அப்படி இறங்குவதைப் போலச் சுமார் ஐந்து மடங்கு இந்த வினைக்கு வேண்டும். சாதாரண வெப்பநிலையில் சுமார் 150 மோதல்களில் ஒன்றுக்குத்தான் அந்த வலு இருக்கிறது.

காற்றின் நைட்ரஜனோடு நடக்கும் அந்தக் கோடிக்கணக்கான மோதல்கள் வீண் என்று நினைத்துவிடக் கூடாது. அவைதான் ஆற்றலை இடைவிடாமல் கலைத்துப் பங்கிடுகின்றன. ஒரு மூலக்கூறு சற்றுமுன் மந்தமாக இருந்து இப்போது வெறிகொண்டு பாய்கிறது என்றால், அதைப் பின்னால் இருந்து தள்ளிவிட்டது ஏதோ ஒரு நைட்ரஜன் மூலக்கூறாக இருக்கும்.

வெயிலின் கைவரிசையும் இங்கேதான் தெரிகிறது. மார்கழி மாலையின் 25 டிகிரியிலிருந்து கத்திரி வெயிலின் 40 டிகிரிக்குப் போனால் மூலக்கூறுகளின் சராசரி வேகம் இரண்டரை சதவீதம்தான் கூடுகிறது. ஆனால் வினையின் வேகம் கால் பங்குக்கு மேல் ஏறுகிறது. தடையைத் தாண்டக்கூடிய அந்த வலுவான சிறுபான்மைதான் வெப்பத்தில் வேகமாகப் பெருகுகிறது. பத்து டிகிரி ஏறினால் வேகம் இரட்டிப்பாகும் என்று பள்ளியில் படித்தது கிளர்வு ஆற்றல் அதிகமுள்ள வினைகளுக்கு ஓரளவு பொருந்தும், இதற்குப் பொருந்தாது.

150-இல் ஒன்று என்றால், 15,000 எங்கிருந்து வந்தது? ஆற்றல் தடையைத் தாண்டிய நூறு மோதல்களில் தொண்ணூற்றொன்பது இன்னும் தோற்கின்றன. போதிய வலுவோடு மோதியும் வினை நடக்கவில்லை. இங்கேதான் உருண்டை என்ற பாவனை உடைகிறது.

நைட்ரிக் ஆக்சைடுக்கு இரண்டு முனைகள் உண்டு. புதிய ஆக்சிஜன் வந்து ஒட்டவேண்டிய இடம் நைட்ரஜன் முனை. ஏனெனில் உருவாகும் நைட்ரஜன் டை ஆக்சைடில் நைட்ரஜன்தான் நடுவில் இருக்கிறது. ஓசோன் 117 டிகிரியில் வளைந்த மூலக்கூறு. அதன் நடு அணு இருபுறமும் பிணைப்பில் மாட்டியிருக்கிறது. ஓர அணுக்களில் ஒன்றுதான் கழன்று வர முடியும். ஆக, நைட்ரிக் ஆக்சைடின் நைட்ரஜன் முனை ஓசோனின் ஓர ஆக்சிஜனை, அதுவும் பிணைப்பு உருவாகத் தோதான கோணத்தில், தொட வேண்டும். தாம்பரம் யார்டில் ரயில் பெட்டிகளைக் கோர்க்கும்போதும் இப்படித்தான்: இணைப்பான் பெட்டியின் முனையில் இருக்கிறது, பக்கவாட்டில் எவ்வளவு வேகமாக இடித்தாலும் பெட்டிகள் கோர்த்துக்கொள்ளாது. ஆனால் மூலக்கூறுகளுக்குத் தண்டவாளமும் கிடையாது, ஷன்டிங் செய்ய ஆளும் கிடையாது. சுழன்றபடியே, கண்டபடி முட்டிக்கொள்கின்றன. சரியான பக்கமாக அமைந்த மோதல்களின் பங்கைக் குறிக்கும் எண்ணைக் கொள்ளிடக் காரணி என்பார்கள். நம் வினைக்கு அது சுமார் 0.01.

இந்த எண் எப்படிக் கிடைத்தது என்பதையும் பார்க்க வேண்டும். மோதல் கொள்கை இதைக் கணக்கிட்டுத் தரவில்லை. மோதல்களின் எண்ணிக்கையை உருண்டைக் கணக்கிலிருந்து எடுக்கிறோம். வெவ்வேறு வெப்பநிலைகளில் வேகத்தை அளந்து கிளர்வு ஆற்றலை எடுக்கிறோம். இரண்டையும் பெருக்கினால் வரும் எதிர்பார்ப்பு, அளந்த வேகத்தைவிட நூறு மடங்கு அதிகமாக இருக்கிறது. அந்த இடைவெளிக்கு வைத்த பெயர்தான் கொள்ளிடக் காரணி. இது கொள்கையின் பலவீனம்தான். மூலக்கூறின் வடிவத்தை மட்டும் வைத்து அந்த எண்ணை முன்கூட்டியே சொல்ல வேண்டுமானால், பின்னாளில் வந்த வேறு கொள்கைகளைத்தான் நாடவேண்டும்.

ஆனால் திசை முக்கியம் என்பது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. 1966-இல் அமெரிக்காவில், மீத்தைல் அயோடைடு மூலக்கூறுகளை மின்புலத்தால் ஒரே திசையில் திருப்பி நிறுத்தி, அவற்றின்மீது உலோக அணுக்களின் கற்றையைப் பாய்ச்சினார்கள். அயோடின் முனை அணுக்களைப் பார்த்தபடி இருந்தபோது வினை கூடியது. மறுமுனையைத் திருப்பி வைத்தபோது குறைந்தது. ஆற்றல் மாறவில்லை, எண்ணிக்கை மாறவில்லை. திரும்பி நின்ற பக்கம் மட்டுமே மாறியது.

0.01 என்பது அப்படியொன்றும் மோசமான காரணி இல்லை. எத்திலீனோடு ஹைட்ரஜன் நேரடியாகச் சேரும் வினையில் அது பத்து லட்சத்தில் இரண்டுக்கும் குறைவு. மறுபக்கம், பொட்டாசியம் அணுவும் புரோமினும் சேரும் வினையில் அது 4.8. அதாவது, நடந்த மோதல்களைவிட நடந்த வினைகள் அதிகம்! அது எப்படி? பொட்டாசியம் தொலைவிலிருந்தே தன் எலக்ட்ரான் ஒன்றைப் புரோமினுக்குத் தாவவிடுகிறது. உடனே ஒன்று நேர்மின்னும் மற்றது எதிர்மின்னும் பெற்று, ஒன்றையொன்று இழுத்துக்கொள்கின்றன. திமிங்கில வேட்டையின் எறியீட்டியை நினைத்து இதற்கு ஹார்ப்பூன் வினை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். உருண்டைக் கணக்கில் தொடாமலே போயிருக்க வேண்டியவை இங்கே சேர்ந்துவிடுகின்றன.

ஜி.எஸ்.டி. சாலைக்குத் திரும்புவோம். காற்று நொடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால் 50 நொடியில் 50 மீட்டர். சாலையோரக் கடையைத் தாண்டி உள்தெருவுக்குப் போய்ச் சேரும் நேரத்தில்தான் நைட்ரிக் ஆக்சைடில் பெரும்பங்கு உருமாறியிருக்கும். ஓசோன் தாராளமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நெரிசலில் நைட்ரிக் ஆக்சைடு 200 பிபிபி, ஓசோன் 40 என்றால் முதலில் தீர்ந்துபோவது ஓசோன்தான். ஓர் ஓசோன் மூலக்கூறின் சராசரி ஆயுள் அங்கே பத்து நொடி. மீதி நைட்ரிக் ஆக்சைடு, புதுக் காற்று வந்து கலக்கும்வரை காத்திருக்கும். பகலில் வெயில் சில நிமிடங்களுக்குள் நைட்ரஜன் டை ஆக்சைடை உடைத்து ஓசோனை மீட்டுத் தந்துவிடும். சூரியன் இறங்கியபின் அந்த மீட்பு இல்லை. ஆகவே மாலை நெரிசலில் சாலையோரத்தில் ஓசோன் சரியும், நைட்ரஜன் டை ஆக்சைடு ஏறும். இரண்டின் கூட்டுத்தொகை மட்டும் அவ்வளவாக மாறாது. வினைதான் நடந்தது, காற்று கலைந்துபோகவில்லை என்பதற்கு அந்தக் கூட்டுத்தொகையே சாட்சி.

ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் இருப்பதைப் போன்ற காற்றுத்தர நிலையங்கள் நைட்ரஜன் ஆக்சைடுகளை அளக்க இதே வினையைத்தான் நம்பியிருக்கின்றன. தெருக்காற்றை உறிஞ்சி, கருவிக்குள்ளேயே தயாரித்த ஓசோனை அதில் மிகுதியாகக் கலக்கிறார்கள். பலித்த மோதல்களில் பிறக்கும் நைட்ரஜன் டை ஆக்சைடில் நூற்றுக்குப் பத்துக்கும் குறைவானவை கூடுதல் ஆற்றலோடு பிறக்கின்றன. அந்த ஆற்றலைச் செந்நிற, அகச்சிவப்பு ஒளியாக உமிழக்கூடியவை அவை. ஒளி எவ்வளவோ, அவ்வளவு நைட்ரிக் ஆக்சைடு.

ஆனால் ஒளிரக் காத்திருக்கும் மூலக்கூறைக் காற்றின் நைட்ரஜனோ ஆக்சிஜனோ இடித்தால் ஆற்றல் வெப்பமாகி, ஒளி அணைந்துவிடும். ஆகவே அளவறையில் பம்ப் வைத்துக் காற்றழுத்தத்தைக் குறைத்துவிடுகிறார்கள். இப்படி ஒளியை அணைப்பதில் நைட்ரஜனைவிட நீராவி கெட்டி. கடலோர ஊரின் ஈரக்காற்று உள்ளே போனால் கருவி உள்ளதைவிடச் சற்றுக் குறைத்துக் காட்டும். உலர்ந்த சிலிண்டர் வாயுவை வைத்து அளவு திருத்திய கருவி, ஐப்பசி மழைக்காலத்தில் தெருக்காற்றை உறிஞ்சும்போது இந்தப் பிழைக்கு இடமுண்டு. அதனால்தான் சில கருவிகளில் காற்றை முதலில் ஈரம் உறிஞ்சும் ஒரு குழாய் வழியாக அனுப்பி, உலர்த்தியபிறகே ஓசோனோடு மோதவிடுகிறார்கள்.