நாத்தனாருக்கு முதல் பிறந்தநாள் வாழ்த்து

திருமணமான முதல் ஆண்டில், கணவரின் உடன்பிறந்தவளுக்குப் புதுமணப்பெண் சொல்லும் பிறந்தநாள் வாழ்த்துக்கு எந்தச் சம்பிரதாயமும் இல்லை. தலைதீபாவளிக்கும் ஆடி அழைப்புக்கும் முறை உண்டு. இதற்கு எழுதிவைத்த முறை ஏதும் கிடையாது. ஆனாலும் அந்த வாழ்த்தைப் பிறந்தநாள்காரி மட்டும் படிப்பதில்லை. மாமியாருக்கும் நாத்தனாரின் கணவருக்கும், சில வீடுகளில் அவளுடைய மாமியாருக்கும்கூடச் செய்தி போய்ச் சேரும். இரண்டு வரியாக இருந்தாலும் யோசித்து எழுத வேண்டியிருப்பது அதனால்தான்.

நாத்தனார் கல்யாணத்தன்று பார்வையாளராக மட்டும் நிற்பவள் அல்ல. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் தாலியின் முதல் முடிச்சை மணமகன் போட, மற்ற முடிச்சுகளை அவள்தான் போடுகிறாள். விளக்குப் பிடிப்பதும் பல ஊர்களில் அவள் பொறுப்பு. புது வீட்டுக்குள் வந்த பிறகு சர்க்கரை எந்தத் தட்டில், பெரிய குக்கர் எந்த அலமாரியில் என்று காட்டுபவளும் பெரும்பாலும் அவளே. சிலப்பதிகாரத்தில் மதுரை ஆயர்பாடிக்கு வந்த கண்ணகி முதல்முறையாகச் சமைக்கும்போது துணை நின்ற ஐயையை, ‘நாத்தூண் நங்கை’ என்றே இளங்கோ குறிப்பிடுகிறார். ஐயை இரத்த உறவும் இல்லை, கோவலனின் தங்கையும் இல்லை. புது இடத்தில் அடுப்படியில் கூட நின்றதற்கே அந்த உறவு முறை வந்துவிடுகிறது.

வாழ்த்து சொல்லுமுன் தெரிந்துகொள்ள வேண்டியது, அந்த வீட்டில் எந்த நாளைப் பிறந்தநாளாகக் கொள்கிறார்கள் என்பது. ஒரே பெண்ணுக்கு மூன்று நாட்கள் இருக்கலாம். ஒன்று ஆங்கிலத் தேதி. இரண்டாவது, தமிழ் மாதத்தில் அவளுடைய நட்சத்திரம் வரும் நாள். கோயிலில் அர்ச்சனை அன்றைக்குத்தான். மூன்றாவது, பள்ளியில் சேர்க்கும்போது வயதுக் கணக்குக்காக எழுதிக்கொடுத்த தேதி. ஆதாரிலும் அலுவலகத்திலும் அதுவே நிற்கும். சான்றிதழில் இருக்கிற தேதியைப் பார்த்து வாழ்த்து அனுப்பினால், ‘அது சர்டிபிகேட் தேதிம்மா’ என்று சிரித்தபடி பதில் வரும். சிரிப்புதான், ஆனால் வீட்டில் யாரையும் கேட்கவில்லை என்பது அதில் தெரிந்துவிடும்.

நட்சத்திரக் கணக்கில் ஒரு சிக்கல் உண்டு. நட்சத்திரங்கள் 27. சந்திரன் அவற்றை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் சில மணி நேரமும் ஆகும். தமிழ் மாதமோ 29 முதல் 32 நாள் வரை நீளும். அதனால் மாதத்தின் தொடக்கத்தில் வந்த நட்சத்திரம் கடைசியில் மறுபடியும் வரும். அப்படி வந்தால் பல வீடுகளில் பின்னால் வருவதைக் கொள்வார்கள். சில வீடுகளில் முதலாவதை. இதைக் கணவரிடம் கேட்டுப் பயனில்லை. தங்கையின் நட்சத்திரம் தெரிந்த அண்ணன்மார் குறைவு. மாமியாரிடம் கேட்பதே சரி. அப்படிக் கேட்டதும் ஒரு செய்தியாகப் பிறகு நாத்தனார் காதுக்குப் போகும்.

அடுத்தது எப்படிக் கூப்பிடுவது. கணவருக்கு மூத்தவள் என்றால் பல இடங்களில் அண்ணி அல்லது அக்கா, தென்மாவட்டங்களில் மதினி, கொங்கு வட்டாரத்தில் நங்கையா. இலங்கைத் தமிழரிடையே மச்சாள். இளையவள் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். ஆனால் ‘நீ’ என்பதற்கு முதல் ஆண்டில் அவசரம் வேண்டாம். சில குடும்பங்களில் வயதில் சிறிய நாத்தனாரையும் ‘வாங்க, போங்க’ என்றுதான் பேசுவார்கள். நேரில் எப்படிக் கூப்பிடுகிறாளோ அப்படியே எழுத்திலும் வரவேண்டும். நேரில் ‘அண்ணி’ என்பவள் வாட்ஸ்அப்பில் ‘மை டியர் சிஸ்’ என்று தொடங்கினால், அது வேறு யாரோ எழுதியதுபோல இருக்கும்.

ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். வைகாசியில் கல்யாணம். மணப்பெண் திருச்சிக்கு வாழ வந்தவள். நாத்தனார் அவளைவிட நான்கு வயது மூத்தவள், மதுரையில் கட்டிக்கொடுத்திருக்கிறார்கள், யு.கே.ஜி. படிக்கும் பையன் உண்டு. பிறந்தநாள் ஆவணி முதல் வாரம். ஆடிக்குத் தாய்வீடு போன மணப்பெண் திரும்பி வந்ததும் குடும்பத்தில் வருகிற முதல் விசேஷம் இதுதான். அவள் முதலில் எழுதியது இப்படி:

‘உலகத்துலயே பெஸ்ட் நாத்தனாருக்கு இனிய பிறந்தநாள் வாழ்த்துகள். நீங்க எனக்கு நாத்தனார் இல்ல, இன்னொரு அம்மா. உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க நான் கொடுத்து வெச்சிருக்கணும். சீக்கிரம் எங்க வீட்டுக்கு வாங்க, நாலு நாள் தங்கிட்டுப் போங்க.’

குற்றம் சொல்ல முடியாத வாழ்த்துதான். ஆனால் இரண்டு இடங்கள் இடிக்கின்றன. மூன்று மாதப் பழக்கத்தில் ‘இன்னொரு அம்மா’ என்பது பெரிய வார்த்தை. நான்கு வயதுதான் மூத்தவள் என்பதால் அது வயதைக் கூட்டிச் சொன்னதுபோலவும் ஆகிறது. புகழ்ச்சியை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம் என்பது வாங்குகிறவளுக்கும் தெரியும். அவளுக்கு மட்டுமே பொருந்துகிற எதுவும் அந்த நான்கு வரியில் இல்லை.

கடைசி வரி இன்னும் நுட்பமானது. நல்லெண்ணத்தில் எழுதியதுதான், ஆனால் தைப்பது அதுவே. நாத்தனார் பிறந்து வளர்ந்த வீடு அது. அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்த கதவு நிலை இன்னும் அங்கே இருக்கலாம். மூன்று மாதத்துக்கு முன் வந்தவள் ‘எங்க வீட்டுக்கு வாங்க’ என்று அழைக்கும்போது, சொந்த வீட்டில் அவள் விருந்தாளியாகிவிடுகிறாள். ‘தங்கிட்டுப் போங்க’ என்பதில் ‘போங்க’ வேறு சேர்ந்துவிட்டது. கட்டிக்கொடுத்த பெண்களுக்குத் தாய்வீட்டில் இனி நம் இடம் என்ன என்ற கேள்வி, தம்பி கல்யாணத்தோடு சத்தமில்லாமல் எழும். வாழ்த்து அந்தக் கேள்விக்குத் தவறான பதிலாகிவிடக் கூடாது. அழைப்பது மணப்பெண்ணின் வேலையில்லை. காத்திருப்பதாகச் சொல்லலாம், அதையும் மாமியாருக்கு அடுத்தபடியாக.

திருத்தி எழுதியது இது:

‘அண்ணி, பிறந்தநாள் வாழ்த்துகள். கல்யாணத்தன்னைக்கு முடிச்சுப் போடும்போது, கழுத்துல இறுக்குதான்னு என் காதுல கேட்டீங்க. அந்தக் கூட்டத்துல என்னைக் கேட்டது நீங்க ஒருத்தர்தான். காலைல டிக்காஷன் போடுறப்போ எல்லாம், நீங்க காட்டிக் கொடுத்த அளவுதான் போடுறேன். மாமாவும் குறை சொல்லாமக் குடிக்கிறார். நீங்க எப்போ வருவீங்கன்னு அத்தை கேட்டுக்கிட்டே இருக்காங்க. நானும்தான். சின்னவனுக்கு என் முத்தம்.’

இதில் புகழ்ச்சி என்று ஒரு சொல்லும் இல்லை. நடந்த இரண்டு காரியங்கள் இருக்கின்றன. இரண்டையும் வேறு யாருக்கும் அனுப்ப முடியாது. டிக்காஷன் அளவு இன்னும் மாறவில்லை என்பதில், அவள் விட்டுப்போன பழக்கம் அந்த வீட்டில் தொடர்கிறது என்ற சேதியும் இருக்கிறது. பேச்சுத் தமிழில் எழுதியதும் பொருத்தமே. அண்ணி என்று கூப்பிடுகிற உறவுக்கு மேடைத் தமிழ் ஒட்டாது. ‘வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்’ என்ற வாசகம் அறுபதாம் கல்யாணத்துக்குப் பொருந்தும், நான்கு வயது மூத்தவளுக்கு அல்ல.

சொல்லக் கூடாதவையும் உண்டு. மணமாகாத நாத்தனாருக்கு ‘அடுத்த பிறந்தநாளை உங்க வீட்டுக்காரரோட கொண்டாடணும்’ என்பதும், குழந்தை இல்லாதவளுக்கு ‘அடுத்த வருஷம் கையில குழந்தையோட’ என்பதும் ஆசியாகத் தோன்றினாலும் குத்தல்தான். இந்த வாசகங்களை அவள் ஏற்கெனவே பத்துப் பேரிடம் கேட்டிருப்பாள். அவளுடைய சின்ன வயதுக் குறும்புகளைக் கணவர் சொல்லிக் கேட்டிருக்கலாம்; அண்ணன் தம்பி கேலி அவர்களுக்குள் இருக்கட்டும், வந்தவள் அதில் சேர்வதற்கு இன்னும் காலம் இருக்கிறது. படம் போடுவதிலும் கவனம் தேவை. கல்யாண ஆல்பத்தில் தான் அழகாக இருக்கும் படத்தை ஸ்டேட்டஸில் வைத்து, அதில் நாத்தனார் அரைக்கண் மூடியிருந்தால், அந்த வாழ்த்து வராமலே இருந்திருக்கலாம்.

நேரமும் பார்த்துக்கொள்ள வேண்டும். இரவு 12 மணி வாழ்த்து கல்லூரி வயது நாத்தனாருக்குப் பிடிக்கும். பையனைப் பள்ளிக்கு அனுப்புகிற மதுரை அண்ணிக்கு அது தூக்கக் கேடு. காலை 7 முதல் 9 வரை டிபன் பாக்ஸ் நேரம், போன் அடித்தால் எரிச்சல்தான். அதனால் செய்தியை விடியலில் அனுப்பிவிட்டு, பேசுவதை 11 மணிக்குமேல் வைத்துக்கொள்வது நல்லது. அவள் வேலைக்குப் போகிறவள் என்றால் மதிய உணவு நேரம். அம்மா பேசி முடித்த பிறகு மருமகள் பேசுவது வீட்டு ஒழுங்கு. மேலே கண்ட வாழ்த்தைக் குடும்பக் குழுவில் போடாமல் தனியாக அனுப்புவதே சரி. குழுவில் ஒரு வரி போதும். முழுவதையும் எல்லோர் பார்வைக்கும் வைத்தால், கழுத்தில் இறுக்குகிறதா என்று காதோடு கேட்டது ஊர் விஷயமாகிவிடும்.

பரிசு விஷயத்தில் தடுமாறுவது பெரும்பாலும் கணவர்தான். இதுவரை ஆண்டுதோறும் தம்பி அக்காவுக்குப் பணமோ சேலையோ அனுப்பிவந்திருந்தால், கல்யாணமான ஆண்டில் அது நின்றுபோகக் கூடாது. நின்றால் காரணம் கணவரின் மறதியாகவே இருக்கலாம், பழி மட்டும் புதிதாக வந்தவள்மேல் விழும். அதேபோல் 1,000 ரூபாய் அனுப்பிவந்த இடத்தில் இந்த ஆண்டு 5,000 ரூபாய்ப் பட்டுச்சேலை போனாலும் சங்கடமே. அடுத்த ஆண்டு குறைக்க முடியாது, மாமியார் எடுத்துக்கொடுத்த சேலையும் சின்னதாகிவிடும். தம்பி வழக்கமாகச் செய்வது அப்படியே அவர் கையால் போகட்டும். மணப்பெண் தன் பங்குக்குப் பையனுக்கு ஒரு கதைப் புத்தகமோ, அண்ணிக்குத் தாய்வீட்டுத் தட்டை முறுக்கோ பார்சலில் சேர்த்து வைத்தால் போதும்.

மறந்துபோவதும் நடக்கும். அப்போது ‘அவர் சொல்லவே இல்லை’ என்று கணவரைக் காட்டுவது எளிது. அது தம்பிமேல் அக்காவுக்குக் கோள் சொன்னதாகவே படும். மறுநாள் காலையில் நேராகப் போன் செய்து, ‘நேத்து மறந்துட்டேன் அண்ணி’ என்று சொல்லிவிடலாம். ஒருவேளை எல்லாம் சரியாகச் செய்தும் ‘தாங்க்ஸ்மா’ என்று ஒற்றைச் சொல் பதில் வந்தால், அதை வைத்துக் கணக்குப் போட வேண்டியதில்லை. அன்று அவளுக்கு ஐம்பது பேருக்குப் பதில் எழுத வேண்டியிருக்கும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்பது பெரும்பாலும் சில நாள் கழித்துத்தான் தெரியவரும். வேறெதற்கோ அம்மாவிடம் பேசும்போது, ‘அவகிட்ட போனைக் கொடும்மா’ என்று அண்ணியே கேட்பாள். டிக்காஷனுக்கு இப்போது எந்தக் கடைப் பொடி வாங்குகிறீர்கள் என்று விசாரிப்பாள்.