கடை திறக்கும் நேரம்: ஒரு சிறு கதை

நம் அறக்கட்டளையில் வட்டியில்லாக் கடன் வாங்கிய வியாபாரிகள், "கடையில் விற்பனை இருக்கிறது, ஆனால் தவணை கட்ட முடியவில்லை" என்று சொல்வதுண்டு. அவர்களுக்காக ஒரு சிறு கதை சொல்கிறோம். எண்கள் விளக்கத்துக்காக நாம் வைத்துக்கொண்டவை.

ஒரு மளிகைக்கடை பாய். காலை 8 முதல் மதியம் 2 வரை, மாலை 5 முதல் இரவு 10 வரை கடை. தவணை இரண்டு மாதம் நின்றுவிட்டது. பத்தாவது படிக்கும் மகன் ஒரு நோட்டில் கோடு போட்டு, மணிவாரியாக எத்தனை பேர் வந்தார்கள் என்று இரண்டு வாரம் எழுதினான். பணத்தை எழுதவில்லை. ஒருவர் அரிசி மூட்டை வாங்கினால் அந்த மணி மட்டும் பெரிதாகத் தெரியும் அல்லவா? ஜும்ஆவுக்குக் கடை மூடும் வெள்ளிக்கிழமையையும் தனியாக வைத்தான்.

சராசரி நாளில் 120 பேர். 8 மணியில் இருந்து 9 வரை 31 பேர், அடுத்த மணியில் 20 பேர். மதியம் 12 முதல் 2 வரை வெறும் 11 பேர்.

"அத்தா, திறந்ததுமே இவ்வளவு கூட்டம்னா, அதுக்கு முன்னாடியே ஆளுங்க வந்துட்டுப் போறாங்க."

"எட்டு மணிக்கு முன்னாடி யாருடா வருவா? நோட்டுல ஒண்ணும் இல்லையே."

இங்கேதான் பலரும் தவறுகிறோம். மூடியிருக்கும் நேரம் அட்டவணையில் வராது. அதனால் அந்த நேரத்தில் தேவை இல்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் முதல் மணியே உச்சமாக இருந்தால், அதற்கு முன்னும் தேவை இருக்கலாம். முதல் மணியில் விற்றவை பால், ரொட்டி, முட்டை, பேனா. பள்ளிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகளுக்கு இவையெல்லாம் 7 மணிக்கே வேண்டியவை. பால் வண்டியோ ஐந்தரைக்கே பெட்டியை வாசலில் இறக்கிவிட்டுப் போகும்!

இருந்தாலும் இது ஊகம்தான். ஆகவே இரண்டு வாரம் சோதித்தார்கள். காலை 6 மணிக்குத் திறந்து 12 மணிக்கு மூடினார்கள். மாலை நேரம் பழையபடியே. மொத்தம் அதே 11 மணி நேரம்.

புதிய இரண்டு மணியில் 45 பேர் வந்தார்கள். பாய்க்கு மகிழ்ச்சி. மகன் கீழ்வரிசையையும் பார்க்கச் சொன்னான். 8 முதல் 9 வரை 31 பேர் வந்த இடத்தில் 17 பேர்தான். அந்த 14 பேர் பழைய வாடிக்கையாளர்கள், சற்று முன்னதாக வந்தவர்கள். மதியம் மூடியதில் 11 பேர் போனார்கள். அவர்களில் இருவர் மட்டும் 12 மணிக்கு முன்பே வந்து வாங்கினார்கள். எல்லாம் கழித்தால் நாளுக்கு 142 பேர். கூடுதல் 22, 45 அல்ல. புதிய மணியை மட்டும் பார்த்துச் சரக்கை இரட்டித்திருந்தால் பாலும் ரொட்டியும் வீணாகியிருக்கும்.

பாய் புதிய நேரத்தையே வைத்துக்கொண்டார். ரமளான் மாதத்துக்கு மட்டும் இந்த நோட்டு உதவாது. ஸஹருக்கும் இஃப்தாருக்கும் வாங்குபவர்கள் வரும் நேரமே வேறு. அதற்குத் தனி அட்டவணை போட மகன் கோடு கிழித்து வைத்திருக்கிறான்.