முதல் மெயிலில் யார் பெயர் இருக்க வேண்டும்?

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஒரு நடுத்தர நிறுவனம், புதிய இணையதளம் கட்டித்தரச் சொல்லிக் கோவையில் ஒரு சின்ன வடிவமைப்புக் குழுவைப் பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். விலை பேசியாயிற்று, அட்வான்ஸும் வந்துவிட்டது. உடனே ஒரு வாட்ஸ்அப் குரூப் தொடங்குகிறார்கள். அதில் முதலாளி, அவர் மகன், வெளிநாட்டு பையர்களோடு பேசும் மெர்ச்சண்டைசர் மூவரும் இருக்கிறார்கள். முகப்புப் பக்கத்தின் வடிவத்தைப் பார்த்து மகன் "சூப்பர்" என்கிறார். குழு அடுத்த பக்கங்களுக்குப் போய்விடுகிறது. இரண்டு வாரம் கழித்து முதலாளி முதல்முறையாக அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இது நம்ம கம்பெனி மாதிரியே இல்லையேப்பா" என்கிறார்.

இந்த இடத்தில் யார் மீதும் பெரிய தப்பு இல்லை. "சரி" என்று சொல்லும் உரிமை யாருக்கு என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். அதை எழுதி வைக்கும் இடம்தான் கிக்ஆஃப் மெயில். ஒப்பந்தம் கையெழுத்தான பின், வேலை தொடங்கும் முன், வாடிக்கையாளருக்குப் போகும் முதல் மெயில் அது.

பொறுப்புகளை எழுதும்போது பலரும் தங்கள் குழுவின் பெயர்களை மட்டும் வரிசையாகப் போட்டு முடித்துவிடுகிறார்கள். வாடிக்கையாளர் பக்கத்துப் பெயர்கள்தான் அதைவிட முக்கியம். மேலே சொன்ன நிறுவனத்துக்கு அந்தப் பகுதி இப்படி இருக்கலாம்:

"வணக்கம் சார். வடிவங்களை மெர்ச்சண்டைசரும் உங்கள் மகனும் பார்த்துத் திருத்தம் சொல்வார்கள். இறுதி ஒப்புதல் உங்களுடையது மட்டும். தயாரிப்புப் படங்களையும் ஓகோ-டெக்ஸ் போன்ற சான்றிதழ்களின் நகல்களையும் மெர்ச்சண்டைசர் அனுப்புவார். டொமைன் லாகின் யாரிடம் இருக்கிறது என்று இந்த வாரமே தெரிவிக்க வேண்டுகிறோம்."

கடைசி வரி சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பழைய தளத்தைச் செய்துகொடுத்தவர் டொமைனைத் தன் கணக்கிலேயே பதிவு செய்திருப்பது நம் ஊரில் சகஜம். அவரைத் தேடிப் பிடிக்கவே சில வாரங்கள் ஓடிவிடலாம். லாகின் கிடைத்தாலும் இன்னொரு கண்ணி உண்டு. புதிய சர்வருக்கு மாறும்போது நேம்சர்வரை மாற்றிவிட்டு, மெயிலுக்கான MX பதிவுகளை அங்கே சேர்க்க மறந்தால், கம்பெனிக்கு வரும் மெயில்கள் நின்றுபோகும். பையரின் ஆர்டர் மெயில் வராமல் போனால் ஓர் ஏற்றுமதியாளர் எப்படிப் பதறுவார் என்று சொல்லத் தேவையில்லை. அதனால் அந்தப் பதிவுகளை நகலெடுத்துச் சரிபார்ப்பவர் யார் என்பதையும் முதல் மெயிலிலேயே குறித்துவிடுவது நல்லது.

கால அட்டவணையில் எல்லாரும் செய்யும் தவறு, "எட்டு வாரத்தில் முடியும்" என்று ஒற்றை வரியில் எழுதுவது. எட்டு வாரம் எதிலிருந்து? படங்கள் கைக்கு வந்த நாளிலிருந்தா, அட்வான்ஸ் வந்த நாளிலிருந்தா? "படங்கள் ஜூன் 19-க்குள் வந்தால் தளம் ஜூலை 27 அன்று தயார், படங்கள் தாமதமானால் அத்தனை நாள் இதுவும் தள்ளும்" என்று இரண்டு தேதிகளையும் சேர்த்துக் கட்டி எழுதினால் குழப்பமில்லை. வேலை அக்டோபர், நவம்பரில் விழுந்தால் தீபாவளிக்குத் தொழிலாளர்கள் ஊருக்குப் போகும் நாட்களையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆளில்லாத தையல் கூடத்தில் எதைப் படம் எடுப்பது?

பேசிக்கொள்ளும் முறைக்கு அதிகம் வேண்டாம். வாரம் ஒருமுறை, உதாரணமாக புதன் மாலை நான்கு மணிக்கு இருபது நிமிட அழைப்பு. அன்றே முடிவுகளைக் குறித்து ஒரு மெயில். வாட்ஸ்அப்பை நிறுத்தச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. "வாட்ஸ்அப்பில் பேசலாம், ஒப்புதலும் மாற்றமும் மெயிலில் வந்தால்தான் கணக்கு" என்ற ஒரு வரி போதும்.

முதல் ஒப்படைப்பாக முகப்புப் பக்கத்தை வைக்க வேண்டாம். நிறமும் படமும் கண்ணில் பட்டதும் பேச்சு அதிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். அதற்கு முன் ஒரு தாளில் அடங்கும் பக்கப் பட்டியலைக் கொடுக்கலாம்: நிறுவனம் பற்றி, தயாரிப்புகள், ஆலை, சான்றிதழ்கள், தொடர்புக்கு. ஜூன் 1, திங்கள் அன்று வேலை தொடங்கினால் பட்டியல் 5-ஆம் தேதி வெள்ளிக்கிழமை போய்விடும், பதில் 10-ஆம் தேதி புதனுக்குள் வர வேண்டும். இது முதலாளிக்கும் ஒரு சோதனை ஓட்டம். ஐந்தே வரிக்கு ஒப்புதல் தர அவருக்குப் பத்து நாள் ஆனால், மீதி அட்டவணையையும் அதே வேகத்துக்கு அப்போதே மாற்றி எழுதிவிடலாம்.

மெயில் போய் இரண்டு நாளாகியும் பதில் இல்லையென்றால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தால் ஒழிய, மௌனத்தை ஒப்புதலாகக் காட்டுவது கடினம். முதலாளிக்கே போன் செய்து, "சார், இறுதி ஒப்புதல் உங்களுடையது என்று எழுதியிருக்கிறோம், சரிதானா?" என்று கேட்கலாம். "மகனே பார்த்துக்கட்டும்" என்று அவர் சொன்னால், பெயரை மாற்றி அந்த மெயிலை மீண்டும் அனுப்பி, அவரிடமிருந்தே ஒரு வரி பதில் வாங்கிய பிறகு வேலையைத் தொடங்கலாம்.