வழியில் கழிந்த பதினைந்து டாலர்

பரமக்குடிப் பக்கத்துக்காரர் ஒருவர் அபுதாபியின் முசஃபாவில் வெல்டராக இருக்கிறார். மாதாமாதம் 2,000 திர்ஹாம் ஊருக்கு அனுப்புவார். பணம் அம்மாவின் சேமிப்புக் கணக்குக்குப் போகும். அம்மாவுக்கு எழுத்து அவ்வளவாக ஓடாது என்பதால் ஏடிஎம் கார்டு தம்பியிடம் இருக்கிறது. போன மாதம் 45,800 ரூபாய் சேர்ந்தது. இந்த மாதமும் அதே 2,000 திர்ஹாம்தான் அனுப்பினார். ஆனால் தம்பி போனில் சொன்ன தொகை 44,083.

"மிச்சம் ஆயிரத்து எழுநூறு எங்கடா? தேவைன்னா கேட்டு வாங்கியிருக்கலாமே."

"நான் அதுல ஒத்தப் பைசா தொடலண்ணே. பாஸ்புக்கப் போட்டோ எடுத்து அனுப்புறேன், நீங்களே பாருங்க."

இந்த அண்ணனும் தம்பியும் நான் புனைந்தவர்கள். ரூபாய்த் தொகைகளும் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. ஆனால் பணம் குறையும் வழிகள் உண்மையானவை. வளைகுடாவிலிருந்து பணம் வரும் வீடுகளில் இப்படிப்பட்ட சண்டைகளுக்குப் பஞ்சமில்லை. அனுப்பியவருக்கு அனுப்பிய தொகை மட்டும் தெரியும், வாங்கியவருக்கு வந்த தொகை மட்டும் தெரியும். இடையில் நடந்தது இருவருக்கும் தெரியாததால் சந்தேகம் கார்டு வைத்திருப்பவர் மேல் விழுகிறது. இதில் என்னைச் சங்கடப்படுத்துவது ஆயிரத்து எழுநூறு ரூபாய் போனது அல்ல. அதற்காக ஒரு தம்பி திருடனாவதுதான்.

பாஸ்புக் படம் வந்தது. ஒரே தேதியில் இரண்டு வரிகள் இருந்தன. முதல் வரியில் வரவு 44,162.60. அடுத்த வரியில் பற்று 79.49, பக்கத்தில் ஜிஎஸ்டி என்று குறிப்பு. அன்று ஏடிஎம்மில் யாரும் பணம் எடுக்கவில்லை. தம்பி சொன்னது சரி, பணம் வரும்போதே குறைந்துதான் வந்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் அவர் கம்பெனி டைம்கீப்பரிடம் போய் உட்கார்ந்தார். நாகர்கோவில்காரரான டைம்கீப்பருக்கு வங்கிக் காகிதங்கள் பழக்கம்.

"போன மாசம் எப்படி அனுப்பினீங்க?"

"எக்ஸ்சேஞ்சுல போய்த்தான் சார். இருபது திர்ஹாம் சார்ஜ், அதுக்கு மேல ஒரு திர்ஹாம் வாட். இந்தத் தடவை சம்பளம் விழுற பேங்க் ஆப்லயே அனுப்பிட்டேன். அதுல சார்ஜே இல்லைன்னு போட்டிருந்துச்சு."

"எந்தக் கரன்சியில அனுப்பினீங்க?"

அவருக்கு நினைவில்லை. ஆப்பில் ரசீதைத் திறந்து பார்த்தபோது டாலர் என்று இருந்தது. தொகை 542 டாலர். அதற்குக் கீழே யாரும் கவனிக்காத ஒரு சிறு வரி: `71A: SHA`. குறைந்த பணத்தில் பெரும்பங்குக்குக் காரணம் அந்த மூன்று எழுத்துகள்தான்.

ஒரு நாட்டு வங்கியிலிருந்து இன்னொரு நாட்டு வங்கிக்கு ஸ்விஃப்ட் வழியாகப் பணம் போகும்போது உண்மையில் நகர்வது ஒரு செய்தி மட்டுமே. அபுதாபி வங்கிக்கும் பரமக்குடி வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லையென்றால், இரண்டுக்கும் கணக்கு வைத்திருக்கும் மூன்றாவது வங்கி ஒன்று நடுவில் வர வேண்டும். டாலர் என்றால் அது பெரும்பாலும் அமெரிக்காவில் இயங்கும் ஒரு பெரிய வங்கியாக இருக்கும். அந்த வங்கி தன் வேலைக்குக் கூலி எடுக்கும். அதை யார் தருவது என்பதைத்தான் 71A என்ற கட்டம் சொல்கிறது. `OUR` என்றால் எல்லாச் செலவும் அனுப்புபவருடையது. `BEN` என்றால் எல்லாம் பெறுபவர் தலையில். `SHA` என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் அனுப்புபவருக்கு, அதற்குப் பிறகு வழியில் ஆகும் செலவெல்லாம் பெறுபவருக்கு. ஆப் சொன்ன "கட்டணம் இல்லை" என்பது முதல் பாதிக்கு மட்டும் பொருந்தும். மறு பாதியை நடு வங்கி அனுப்பிய பணத்திலிருந்தே கழித்துக்கொண்டு மீதியைத்தான் இந்தியாவுக்குத் தள்ளும்.

தம்பி மறுநாள் வங்கிக் கிளைக்குப் போய், வெளிநாட்டுப் பண வரவுக்கான அறிவிப்புச் சீட்டைக் கேட்டு வாங்கினார். அதில் வந்து சேர்ந்ததாக எழுதியிருந்தது 527 டாலர். புறப்பட்டது 542. அப்படியானால் வழியில் போனது 15 டாலர், ஏறத்தாழ 1,267 ரூபாய்.

மீதிக் குறைவு விலையில் ஒளிந்திருந்தது. அமீரகத்தில் இதைக் கண்டுபிடிக்க ஒரு வசதி உண்டு. 1997 முதல் திர்ஹாம் டாலரோடு கட்டப்பட்டிருக்கிறது: ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹாம். டாலரின் சந்தை விலையை 3.6725-ஆல் வகுத்தால் திர்ஹாமின் உண்மையான நடுவிலை கிடைத்துவிடும். நம் கதையில் அன்று டாலர் 84.47 ரூபாய். வகுத்தால் திர்ஹாம் 23 ரூபாய். யாருக்கும் எதுவும் கொடுக்காமல் அனுப்ப முடிந்திருந்தால் 2,000 திர்ஹாமுக்கு 46,000 ரூபாய் வந்திருக்கும். இந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டால் மற்றவை தானாக வெளிப்படும்.

அபுதாபி வங்கி அவருக்கு டாலரை 3.6725-க்குக் கொடுக்கவில்லை, 3.69-க்குக் கொடுத்தது. இரண்டு காசுக்கும் குறைந்த இந்த வித்தியாசத்தில் சுமார் 219 ரூபாய் போயிற்று. டாலராக வந்த பணத்தை இந்திய வங்கி ரூபாயாக மாற்றியது. தான் வாங்கும் விலையாக அது போட்டது 83.80. அதில் இன்னொரு 353 ரூபாய். ஒரே பணம் இரண்டு தடவை மாறியதால் இரண்டு இடத்திலும் லாபம் எடுக்கப்பட்டது. கடைசியாக அந்த ஜிஎஸ்டி. வரி முழுத் தொகைக்கும் இல்லை. இந்தியாவில் நாணயம் மாற்றும்போது, ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையின் ஒரு சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதன்மேல் 18 சதவீதம் போடுகிறார்கள். 44,162.60-இல் ஒரு சதவீதம் 441.63, அதில் 18 சதவீதம் 79.49. பாஸ்புக்கின் இரண்டாவது வரி பைசா பிசகாமல் இதுதான்.

எல்லாம் கூட்டினால் சுமார் 1,917 ரூபாய், அனுப்பிய பணத்தில் நான்கு சதவீதத்துக்குச் சற்று மேல். புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தின் செலவு 2030-க்குள் மூன்று சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும் என்பது ஐ.நா. நாடுகள் ஏற்ற இலக்கு. நடு வங்கியின் கழிவு பெரும்பாலும் நிலையான தொகை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 542 டாலரில் 15 என்பது கிட்டத்தட்ட மூன்று சதவீதம்; 5,420 டாலர் அனுப்பும் எஞ்சினியருக்கு அதே 15 டாலர் கால் சதவீதத்துக்குச் சற்று மேல்தான். கூலிக்காரரின் சிறு தொகையைத்தான் அது கடிக்கிறது. இதை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

போன மாதம் ஏன் இப்படிக் குறையவில்லை? எக்ஸ்சேஞ்ச் பணம் அனுப்பும் முறை வேறு. இந்திய ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் ரூபாய் ஏற்பாடு ஒன்றின்கீழ், வளைகுடாவின் எக்ஸ்சேஞ்சுகள் இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. கவுன்டரில் திர்ஹாமை வாங்கியதும் அங்கேயே ரூபாயாகக் கணக்கிட்டுவிடுகிறார்கள். அவர்களின் இந்தியக் கணக்கிலிருந்து அம்மாவின் கணக்குக்கு உள்நாட்டுப் பரிமாற்றமாகவே பணம் போகிறது. நடு வங்கியும் இல்லை, இரண்டாவது மாற்றமும் இல்லை. அதனால்தான் ரசீதில் 45,800 என்றிருந்தால் பாஸ்புக்கிலும் 45,800 விழுந்தது.

எக்ஸ்சேஞ்சும் சும்மா அனுப்பவில்லை. அது போட்ட விலை 22.90. நடுவிலையோடு ஒப்பிட்டால் 200 ரூபாய் குறைவு. கவுன்டரில் தனியாகக் கொடுத்த 21 திர்ஹாம் இன்னொரு 483 ரூபாய். மொத்தச் செலவு 683. ஆனால் அந்த 21 திர்ஹாமை அவர் கையால் எண்ணிக் கொடுத்தார், அதனால் அதுதான் கட்டணம் என்று நினைத்தார். "கட்டணம் இல்லை" என்ற ஆப் 1,917 ரூபாய் வாங்கியது அவர் கண்ணில் படவே இல்லை. எக்ஸ்சேஞ்ச் எப்போதும் மலிவு, வங்கி எப்போதும் விலை அதிகம் என்று இதற்கு அர்த்தமில்லை. ரூபாயிலேயே நல்ல விலைக்கு அனுப்பும் வங்கி ஆப்களும் உண்டு. நடுவிலையிலிருந்து வெகுதூரம் விலகிய எக்ஸ்சேஞ்ச் பலகைகளும் உண்டு. ஒவ்வொரு தடவையும் கவுன்டரில் கேட்க வேண்டியது இதுதான்: "எல்லாம் சேர்த்து நான் இவ்வளவு திர்ஹாம் தந்தால், அம்மா கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?" ரூபாயில் உறுதியான எண் சொல்ல முடியாத வழி என்றால் நடுவில் கழிவு வரக்கூடும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேம்பில் இன்னொருவர் உண்டியலில் அனுப்பச் சொன்னார். விலை கூடுதலாகக் கிடைக்கலாம். ஆனால் அது இந்தியச் சட்டத்துக்கு விரோதமானது. இந்தக் கதையின் முடிச்சை அவிழ்த்த ரசீதோ அறிவிப்புச் சீட்டோ பாஸ்புக் வரியோ அங்கே எதுவும் இருக்காது. அங்கே பணம் குறைந்தால் தம்பி தன்னை நிரூபிக்க வழியே இல்லை.

வெல்டர் தன் வங்கியில் புகார் கொடுத்தார். பணம் திரும்பவில்லை. `SHA` என்பது அனுப்பும்போதே திரையில் இருந்தது, அவர் சம்மதம் என்று அழுத்தியிருந்தார், நடு வங்கியின் கழிவு விதிப்படியானது என்று பதில் வந்தது. விதிக்கு மேல் கழித்திருந்தாலோ, பணம் தொலைந்திருந்தாலோ கேட்க இடம் உண்டு. ஸ்விஃப்ட் ரசீதில் `UETR` என்று 36 எழுத்துள்ள ஓர் எண் இருக்கும். அதைக் கொடுத்தால் பணம் எந்த வங்கியில் எவ்வளவு குறைந்தது என்று அனுப்பிய வங்கி பார்த்துச் சொல்ல முடியும். இந்திய வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு `cms.rbi.org.in` தளத்தில் செலவில்லாமல் எழுதலாம். அமீரகத்து வங்கிகள், எக்ஸ்சேஞ்சுகள் மீதான புகார்களுக்கு அங்கே சனதக் என்ற தனி அமைப்பு இருக்கிறது.

அடுத்த மாதம் அவர் எக்ஸ்சேஞ்சில் வரிசையில் நின்றார். கவுன்டரில் சொன்ன ரூபாய்த் தொகையை அங்கேயே தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். பணம் விழுந்ததும் அதே எண்ணைத் திருப்பி அனுப்பும்படி கேட்டுக்கொண்டார். போன மாதம் பேசியதற்கு மன்னிப்பையும் அதே செய்தியில் எழுதினார்.