காலை 6 மணி கஃபே: திறக்கும்போதும் மூடும்போதும் என்ன செக் பண்ணணும்?

சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் காலை 6 மணிக்குத் திறக்கும் சின்ன கஃபே என்றால், எஸ்பிரெசோ மெஷினை 5.30-க்கே ஆன் செய்துவிட வேண்டும். பிரஷர் முள் ஏறினால் மட்டும் போதாது. காபித்தூள் போடும் கைப்பிடியையும் மெஷினிலேயே மாட்டிச் சூடாக்கணும். அது ஜில்லுனு இருந்தா முதல் காபி புளிக்கும்.

பால் நுரைக்கும் குழாயை ஒவ்வொரு முறையும் துடைத்து, நீராவியை ஒரு நொடி திறந்துவிடுங்கள். இல்லையென்றால் பால் உள்ளே காய்ந்து அடைத்துக்கொள்ளும். இரவு மூடும் முன் இதை இன்னொரு முறை பாருங்கள்.

கடைசியாகப் பால் கணக்கு. காலையில் 40 அரை லிட்டர் பாக்கெட், இரவு மீதி 6 என்றால், செலவு 17 லிட்டர். பில்லில் 100 கப், கப்புக்கு 150 மில்லி என்றால் 15 லிட்டர்தான். மீதி 2 லிட்டர் எங்கே? சிந்தியதா, அளவு கூடியதா, பில் போடலையா? அன்றிரவே கேளுங்கள், மறுநாள் யாருக்கும் ஞாபகம் இருக்காது.