நூலும் பனியனும்: ஜிடிபி விடையைச் சரிபார்ப்பது எப்படி?

ஓர் ஊர் விவசாயிகள் 100 லட்சம் ரூபாய்க்குப் பருத்தியை நூற்பாலைக்கு விற்கிறார்கள். ஆலை அதை நூலாக்கி, 180 லட்சத்துக்குப் பனியன் கம்பெனிக்கு விற்கிறது. 20 லட்சம் மதிப்புள்ள நூல் விற்காமல் ஆலையின் கிடங்கிலேயே தங்கிவிடுகிறது. பனியன் கம்பெனி தைத்த பனியன்களை மக்கள் 300 லட்சத்துக்கு வாங்குகிறார்கள். விதை, உரச் செலவை இங்கே விட்டுவிடுவோம். இந்த ஆண்டு ஜிடிபிக்கு இவர்கள் சேர்த்தது எவ்வளவு?

மூன்று விற்பனையையும் கூட்டி 580 என்று எழுதுவதுதான் பலரும் செய்வது. பனியனின் 300 லட்சத்துக்குள் நூலின் விலையும், நூலின் விலைக்குள் பருத்தியின் விலையும் ஏற்கெனவே இருக்கின்றன. பருத்தி மூன்று தடவை எண்ணப்பட்டுவிட்டது. இதைத்தான் இரட்டைக் கணக்கீடு என்கிறோம்.

இதை ஓரளவு புரிந்துகொண்டவர் இறுதிப் பொருளை மட்டும் எடுத்து 300 என்பார். அதுவும் தப்பு. கிடங்கில் இருக்கும் நூலும் இந்த ஆண்டு உழைப்பில் உருவானதுதான். அது எந்தப் பனியனுக்குள்ளும் போகவில்லை. அடுத்த ஆண்டு அது விற்கும்போது, அந்த ஆண்டுக் கணக்கில் இருப்புக் குறைவாகக் கழிக்கப்படும்.

சரியான வழி, ஒவ்வொருவரும் புதிதாகச் சேர்த்த மதிப்பைப் பார்ப்பது. விவசாயிகள் சேர்த்தது 100. ஆலையின் உற்பத்தி 180, இருப்பு 20, ஆக 200. அதில் பருத்திக்குக் கொடுத்த 100 போக மீதி 100. பனியன் கம்பெனிக்கு 300லிருந்து 180 போக 120. மொத்தம் 320 லட்சம். இதைச் செலவு வழியாகவும் போட்டுப் பாருங்கள்: மக்கள் வாங்கியது 300, கூடிய இருப்பு 20, அதே 320. கூலி, வட்டி, வாடகை, லாபம் என்று மூவரிடமும் வருமானத்தைக் கூட்டினாலும் இதே எண்தான் வர வேண்டும். இரண்டு வழிகளில் விடை ஒத்துப்போகவில்லை என்றால் இடைநிலைப் பொருளையும் சரக்கிருப்பையும் முதலில் சந்தேகியுங்கள். பெரும்பாலும் தவறு அங்கேதான் இருக்கும்.

அடுத்த தவறு விலையில் வருவது. 2024 மே மாதம் வெளியான தற்காலிக மதிப்பீட்டின்படி, 2023-24இல் இந்திய ஜிடிபி நடப்பு விலையில் 295.36 லட்சம் கோடி ரூபாய். 2011-12ஆம் ஆண்டின் நிலையான விலையில் 173.82 லட்சம் கோடி. முந்தைய ஆண்டுக்கான எண்கள் முறையே 269.50, 160.71. நடப்பு விலையை நடப்பு விலையோடு ஒப்பிட்டால் வளர்ச்சி 9.6 சதவீதம். நிலையான விலையை நிலையான விலையோடு ஒப்பிட்டால் 8.2 சதவீதம். அவசரத்தில் 295.36ஐ 160.71ஓடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட 84 சதவீதம் வரும். அது பார்த்தவுடனே மாட்டிக்கொள்ளும்.

எளிதில் மாட்டாத தவறு வேறொன்று. அந்த ஆண்டு சில்லறைப் பணவீக்கம் 5.4 சதவீதம். 9.6லிருந்து 5.4ஐக் கழித்து, உண்மை வளர்ச்சி 4.2 என்று ஒருவர் எழுதினால் நம்பும்படியாகவே இருக்கும். சில்லறைப் பணவீக்கம் வீட்டுக்கு வாங்கும் பொருள்களின் விலையை அளப்பது. ஜிடிபியில் தொழிற்சாலை இயந்திரமும் அரசுச் செலவும் ஏற்றுமதியும் உண்டு. அதற்குப் பொருந்துவது ஜிடிபி குறைப்பான்: நடப்பு விலை மதிப்பை நிலையான விலை மதிப்பால் வகுத்து 100ஆல் பெருக்க வேண்டும். 2022-23க்கு 167.7, 2023-24க்கு 169.9. இடையில் ஏற்றம் 1.3 சதவீதம்தான். 1.082ஐ 1.013ஆல் பெருக்கினால் 1.096 வருகிறது, விடை தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்கிறது.

குறைப்பான் ஏன் இவ்வளவு தாழ்ந்தது? அந்த ஆண்டு மொத்த விலைக் குறியீடு சராசரியாக முந்தைய ஆண்டைவிடக் குறைந்திருந்தது ஒரு முக்கியக் காரணம். இங்கேதான் இடைநிலைப் பொருள் மறுபடியும் தலைகாட்டுகிறது. ஒரு தொழிற்சாலையின் உற்பத்தி 100, அதற்கு வாங்கிய மூலப்பொருள் 60, சேர்த்த மதிப்பு 40 என்று வைத்துக்கொள்வோம். அடுத்த ஆண்டு அதே அளவு உற்பத்தி, அதே விலை. மூலப்பொருள் விலை மட்டும் 10 சதவீதம் இறங்கி, செலவு 54 ஆகிறது. சேர்த்த மதிப்பு 46. உற்பத்திப் பொருளின் விலையை மட்டும் வைத்துத் திருத்தினால் அந்த விலை மாறவே இல்லை; ஆகவே 15 சதவீத வளர்ச்சி என்று காட்டும். ஒரு பனியன்கூடக் கூடுதலாகத் தைக்கப்படவில்லை! உற்பத்தியை அதன் விலையாலும் மூலப்பொருளை அதன் விலையாலும் தனித்தனியே திருத்திக் கழித்தால் பழைய 40தான் வரும். இது இரட்டைக் குறைப்பு முறை.

2011-12 தொடரில் வேளாண்மைக்கு இரட்டைக் குறைப்பு முறை இருந்தது. ஆலைத் தொழில்களுக்குப் பெரும்பாலும் ஒற்றை முறைதான். கச்சா எண்ணெய் விலை சரிந்த 2014-16 காலத்தில் ஆலைத் தொழில் வளர்ச்சி மிகையாகத் தெரிந்ததாகப் பொருளியலாளர்கள் சிலர் வாதிட்டது இதனால்தான். அந்த வாதத்தில் நியாயம் இருப்பதாகவே நான் நினைக்கிறேன். மூலப்பொருள் விலை ஏறும் ஆண்டில் இதே முறை வளர்ச்சியைக் குறைத்துக் காட்டும் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.