25 மீட்டரில் ஒரு நம்பர் பிளேட்

நாற்பது வயதைத் தாண்டியவர் ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்க, 1ஏ படிவத்தில் டாக்டரின் சான்று வேண்டும். பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்திலிருக்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா என்று படிவம் கேட்கிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தாலும் சரிதான்.

அறுபத்திரண்டு வயதுக்காரர் ஒருவருக்குக் கண்புரை தொடங்கியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பகலில் எண்களைத் தடையில்லாமல் படித்துவிடுவார். இரவில் எதிர்வண்டியின் ஹெட்லைட் பட்டால் சாலையே வெளுத்துப்போகும். இந்தக் கூச்சத்தைப் பகல் சோதனை காட்டிக்கொடுக்காது. அவரேதான் டாக்டரிடம் சொல்ல வேண்டும். அறுவை சிகிச்சை முடித்து, பார்வை தெளிந்தபின் விண்ணப்பிக்கலாம். உரிமம் காலாவதியாகி ஓராண்டுக்குள் என்றால் மறுபடி ஓட்டிக்காட்ட வேண்டியதில்லை. ஆனால் காலாவதியான நாள் முதல் வண்டியைத் தொடக்கூடாது. ஐம்பத்தைந்தைக் கடந்தவருக்குச் சொந்த வண்டி உரிமம் ஐந்தாண்டுக்கு மட்டுமே கிடைக்கும்.

காது விஷயத்தில் படிவம் கேட்பது, சாதாரண ஒலி எச்சரிக்கைகள் கேட்காத அளவுக்குச் செவிக்குறை உண்டா என்பதே. ஆனாலும், ஓட்டும் தேர்வில் தேறும் காதுகேளாதோருக்கு உரிமம் மறுக்கக்கூடாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2011-லேயே வழிவிட்டது. ஓட்டுவதற்குக் கண்தான் பிரதானம் என்பதால், நியாயமான முடிவுதான்.